என்னால் இயலும்: தன்மதிப்பீட்டுப் பட்டியல்

ரோஸ் ஹில் மாலை நேரத் தமிழ் வகுப்பு, இரண்டாம் பருவம்

பாடத்திட்டத்தில் வெறும் தலைப்புகளாக இருந்தவற்றை, வகுப்புக்கு வெளியே நீங்கள் தமிழால் செய்யக்கூடிய செயல்களாக இங்கே மாற்றி எழுதியுள்ளோம். துணையின்றி இயன்றால் 3, சிறிது உதவியுடன் இயன்றால் 2, இன்னும் இயலாவிட்டால் 1 என்று இடுங்கள். தேர்வு மதிப்பெண்ணுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆகவே 1 இடத் தயங்க வேண்டாம்.

| தலைப்பு | என்னால் இயல்வது | வாரம் 1 | வாரம் 10 |
|---|---|---|---|
| எண்கள் | மொரீசியஸ் ரூபாய்த் தாளில் தமிழில் அச்சிட்டுள்ள தொகையை என்னால் வாசிக்க முடியும். | 2 | 3 |
| வேற்றுமை உருபுகள் | ‘வீட்டில்’, ‘வீட்டுக்கு’, ‘வீட்டிலிருந்து’ ஆகியவற்றைக் குழப்பாமல், நேற்று எங்கே போய்வந்தேன் என்பதை ஐந்து வாக்கியங்களில் என்னால் சொல்ல முடியும். | 1 | 2 |
| கேட்டல் | தைப்பூசக் காவடியன்று கோயிலில் தமிழில் சொல்லப்படும் அறிவிப்பைக் கேட்டு, நேரத்தையும் இடத்தையும் வீட்டாருக்குக் கிரியோலில் என்னால் சொல்ல முடியும். | 1 | 3 |
| ஒலிப்பு | ‘மழை’, ‘மலை’ இரண்டையும் கேட்பவர் பிரித்தறியும்படி என்னால் சொல்ல முடியும். | 1 | 1 |

மாணவர் குறிப்பு: கண்ணாடி முன் நின்று பழகியும் ‘ழ’ எனக்கு ‘ல’வாகவே வருகிறது, அடுத்த பருவத்தில் முதலில் இதையே பயில விரும்புகிறேன்.