பெரிய பை

முதல் வாரத்தில் ஏழு பைகள் விற்றன. அடுத்த வாரமே நான்கு திரும்பி வந்தன. கரூர் வீட்டுத் திண்ணையில் கூரியர்காரர் போட்டுவிட்டுப் போன உறைகளை யாழினி ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பி.காம். இரண்டாம் ஆண்டு படிப்பவள். கணக்கு அவளுக்குச் சட்டென்று வரும். போகவரக் கூரியர் செலவு பைக்கு 140 ரூபாய், நான்குக்கு 560. விற்று நின்ற மூன்றில் கிடைத்த லாபம் 270.

திருப்பி அனுப்பியவர்கள் எழுதிய காரணங்கள்தான் அவளைக் குழப்பின. மூன்று பேர், “லேப்டாப் நுழையவில்லை” என்றிருந்தார்கள். நான்காமவர், “என் டிபன் பாக்ஸ் இதற்குள் உருண்டு படுத்துக்கொள்கிறது. இவ்வளவு பெரியதா?” என்று கேட்டிருந்தார்.

“ஒரே பைதானே அத்தை! மூன்று பேருக்குச் சிறியது, ஒருவருக்குப் பெரியதா?”

தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே அத்தை கேட்டாள்: “நீ என்ன கண்ணு எழுதினாய்?”

யாழினி செல்பேசியைப் பார்த்துப் படித்தாள். “அழகான கித்தான் பை. பெரியது. லேப்டாப், புத்தகம் எல்லாம் அடங்கும்.” படத்தில் வெள்ளைச் சுவரில் பை மட்டும் தொங்கியது. பக்கத்தில் ஒரு பென்சில்கூட இல்லை.

இயந்திரம் நின்றது. “ரவிக்கை தைக்க வருகிறவளுக்கு நோட்டில் ‘குண்டு’ என்று எழுதிவைத்துக்கொண்டா நான் துணி வெட்டுகிறேன்?”

“என் லேப்டாப்பை வைத்துப் பார்த்துத்தானே எழுதினேன்.”

அத்தை கழுத்தில் கிடந்த டேப்பை உருவி நீட்டினாள். பையின் உள் அகலம் 14 அங்குலம். யாழினியின் லேப்டாப் 14 அங்குலம் என்று சொல்லி விற்றது. ஆனால் அந்த அளவு திரையின் மூலைக்கு மூலை. அகலம் 13 அங்குலம்கூட வரவில்லை. பக்கத்து வீட்டு அண்ணனின் 15.6 அங்குல லேப்டாப்பை இரவல் வாங்கி வந்தாள். அகலம் 14-ஐச் சற்றே தாண்டியது. ஒரு மூலை உள்ளே போனது, மறு மூலை தையலில் முட்டி நின்றது. அதற்குமேல் அழுத்த அவளுக்கு மனம் வரவில்லை. அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார்.

அன்றிரவு விவரத்தை மாற்றினாள்.

“உள் அகலம் 14 அங்குலம், உயரம் 15, அடி அகலம் 3. பிடியின் தொங்கல் 10, தோளில் மாட்டலாம். 14 அங்குல லேப்டாப் அடங்கும், 15.6 அடங்காது. துவைத்தால் சற்றுச் சுருங்கும்.”

படத்தில் பைக்குப் பக்கத்தில் ஒரு ஏ4 நோட்டும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் நின்றன. “அடங்காது” என்ற சொல்லை மட்டும் இரண்டு முறை அழித்து, மூன்றாம் முறை அப்படியே விட்டாள்.

அந்த வாரம் விற்றது இரண்டே பை. இரண்டும் திரும்பவில்லை. சனிக்கிழமை ஒருவர் கேட்டிருந்தார்: “நான்கு அடுக்கு டிபன் கேரியர் சாயாமல் நிற்குமா?”

நிற்கும் என்று தட்டச்சு செய்யப் போனவள், எழுந்து சமையலறைப் பரணிலிருந்து கேரியரை இறக்கினாள்.

“அத்தை, டேப் எங்கே?”