கொடிசியாவில் பேசிய குடைமிளகாய் விஷயம்: மாதிரி பிளாக் அனுப்பட்டுமா?

வணக்கம் மேடம்,

கோவை கொடிசியாவில் அக்ரி இன்டெக்ஸ் கண்காட்சியின்போது எங்கள் கோகோபீட் ஸ்டாலுக்கு வந்தீர்கள். பிளாக்கின் ஓரத்தைக் கிள்ளி, ஊறவைத்து, உள்ளங்கையில் பிழிந்து, வடிந்த தண்ணீரின் நிறத்தைப் பார்த்தீர்கள். பீட்டை அப்படிப் பார்க்கிறவர்கள் குறைவு. அன்றைய கூட்டத்தில் உங்கள் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஈ.சி. 0.5-க்குக் கீழே என்று ரிப்போர்ட்டோடு வந்த பீட்டில் நட்டும், முதல் கொத்துக் காய்கள் அடிப்பக்கம் கறுத்து அழுகின என்றீர்கள். அது கால்சியம் போதாததன் அடையாளம். வெயிலும் பாசன இடைவெளியும்கூட இதைக் கொண்டுவரும். ஆனால் அதே பாலிஹவுஸில், அதே உரத்தில், போன பருவத்துப் பழைய பைகளில் காய் நன்றாக இருந்தது என்றும் சொன்னீர்கள். அதனால் எனக்குப் பீட் மேல்தான் சந்தேகம்.

கழுவினால் கரையும் உப்பு போய்விடும், ஈ.சி.யும் இறங்கிவிடும். ஆனால் பீட்டோடு ஒட்டியிருக்கும் பொட்டாசியமும் சோடியமும் வெறும் தண்ணீருக்கு அவ்வளவாக அசையாது. ஈ.சி. மீட்டரிலும் அது தெரியாது. சொட்டுநீரில் கால்சியம் நைட்ரேட் விட ஆரம்பித்ததும், பீட் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு அவற்றை வெளியே விடுகிறது. அதனால் ஆரம்ப வாரங்களில் செடிக்குப் போக வேண்டிய கால்சியத்தில் ஒரு பங்கு பைக்கே போய்விடுகிறது. பழைய பைகள் ஒரு பருவம் முழுக்க உரம் குடித்து ஏற்கெனவே நிறைந்தவை, அதனால் அங்கே இந்தப் பிரச்சினை வரவில்லை.

இதற்காகத்தான் பஃபர் செய்வது. கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, மறுபடி கழுவி, காயவைத்து, அப்புறம்தான் பிளாக் போடுகிறோம். வேலையும் தண்ணீரும் கூடுதல், அதனால் விலையும் கூடும். ஓசூரில் நாற்றுக்கும் நீங்கள் பீட் வாங்குவதால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: குழித்தட்டுக்கு நன்றாகக் கழுவிய சாதா பீட்டே போதும், அதற்குக் கூடுதல் பணம் போட வேண்டாம். வளர்ப்புப் பைக்கு மட்டும் பஃபர் செய்ததை வாங்குங்கள்.

உங்களுக்குச் சரி என்றால், 5 கிலோ பிளாக்குகளில் பஃபர் செய்தது நான்கு, செய்யாதது நான்கு என்று பார்சலில் அனுப்புகிறேன். மாதிரிக்குப் பணம் வேண்டாம். ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, முதல் கொத்துக் காய் வரும்வரை பாருங்கள். இப்போது கையில் இருக்கும் பீட்டில் ஒரு கிலோவை எங்களுக்கு அனுப்பினால், ஒட்டியிருக்கும் பொட்டாசியம், சோடியம் அளவை லேபில் பார்த்து ரிப்போர்ட்டை அப்படியே தருகிறேன். எங்களிடம் வாங்காவிட்டாலும் அந்த ரிப்போர்ட் உங்களுக்கு உதவும்.

அடுத்த நடவு எப்போது, எத்தனை பை என்று மட்டும் இங்கேயே ஒரு வரி எழுதுங்கள். மழைக்காலத்தில் களம் காய நாளாகும் என்பதால், அதற்குள் தெரிந்தால் உங்களுக்கான சரக்கை முன்கூட்டியே காயவைத்துவிடலாம். பார்சல் எந்த முகவரிக்கு வர வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

நன்றி மேடம்.