நாலரை மணி அக்கா: நம் கடையின் வாடிக்கையாளர் யார்

அப்பாவுக்கும், சித்தப்பாவுக்கும், கவுண்டரில் நிற்கும் அண்ணனுக்கும்:

கொழிஞ்சாம்பாறையில் நம் பேக்கரி ஓடுவது காலேஜ் பசங்களால்தான் என்று சித்தப்பா சொல்லிக்கொண்டே இருக்கிறார். சத்தம் அவர்களுடையது என்பது சரி. ஜூன், ஜூலை பில்களை உட்கார்ந்து பார்த்ததில் வேறு ஆள் தெரிகிறார். விலை, அடுப்பு நேரம், ஸ்டேட்டஸில் என்ன போடுவது என்று இனி முடிவெடுக்கும்போது அவரை மனதில் வையுங்கள். ஆள் கற்பனை; அடையாளங்கள் பெரும்பாலும் பில்லிலிருந்தும் நோட்டிலிருந்தும் வந்தவை. பெயர் வைக்கவில்லை. நேரத்தை வைத்து நாலரை மணி அக்கா என்றே கூப்பிடுவோம்.

எங்கிருந்து எடுத்தேன்

61 நாளில் 7,320 பில். சராசரி 92 ரூபாய். ஆனால் சராசரியை நம்பாதீர்கள். கேக் ஆர்டர் மாதிரிப் பெரிய பில்கள் அதை மேலே இழுத்துவிடுகின்றன. பில்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதைப் பார்த்தால் 60 ரூபாய்தான்.

ஒரு டீ, ஒரு பப்ஸ் மட்டும் உள்ள பில் 1,610. இதுதான் காலேஜ் கூட்டம். பில் எண்ணிக்கையில் 22 சதவீதம், காசில் எட்டு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. மாலை 4 முதல் 6.30 வரை 2,790 பில், வருமானத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

அந்த நேரத்தில் வருவது யார்? இங்கேதான் நான் முதலில் தப்பாகப் போனேன். கூகுள் பே பட்டியலில் பெரும்பாலும் ஆண்களின் பெயர். அதை மட்டும் பார்த்திருந்தால் 'நாற்பது வயது ஆண்' என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். அண்ணன்தான் சிரித்தார்: "அந்த நம்பர் எல்லாம் வீட்டுக்காரர் பேர்லப்பா, கையில போன் வச்சிருக்கறது அக்காமாருங்க." சந்தேகம் தீர ஒரு வாரம் அந்த நேரத்தில் வருகிறவர் ஆணா பெண்ணா என்று பில் புத்தகத்தின் பின்பக்கம் பேனாவால் கோடு போடச் சொன்னேன். 312 பேரில் 197 பெண்கள்.

அவர் யார்

வயது முப்பதிலிருந்து நாற்பதுக்குள். இது அண்ணனின் கணிப்பு, பில் சொல்லவில்லை. வீடு பக்கத்திலேயே; பற்று நோட்டில் உள்ள 34 வீட்டில் 26 நடந்து வரும் தூரம். பள்ளி விட்டதும் ஒரு பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார். வாங்குவது ஒரு பிரெட், மூன்று அல்லது நான்கு பப்ஸ், சில நாள் ரஸ்க். பிரெட்டும் பப்ஸும் சேர்ந்த பில் அந்த நேரத்தில் மட்டும் 1,004. பிரெட் நாளைக் காலைக்கு, பப்ஸ் இப்போதைக்கு. அதனால்தான் கவரை அமுக்கிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்கிறார்: "இது காலைல போட்டதா, இப்ப போட்டதா?" விலையைக் கேட்பவர் குறைவு.

வீட்டில் தமிழ், பஸ்ஸிலும் ஆபீஸிலும் மலையாளம். ஆனால் பிறந்தநாள் கேக்கில் எழுத்து எந்த மொழி என்பதை நோட்டில் பாருங்கள்: 46 ஆர்டரில் ஆங்கிலம் 20, தமிழ் 17, மலையாளம் 9. தமிழில் கேட்டவர்களில் இரண்டு பேருக்கு 'ழ' சரியாக வரவில்லை என்று காசைத் திருப்பிக் கொடுத்தோம், நஷ்டம் நமக்குத்தான். முட்டை இல்லாத கேக் கேட்டவர்கள் 13. இதைப் போர்டில் எழுதவே இல்லை, வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

இவரால் மாறுவது

பப்ஸின் இரண்டாம் ஈடு போர்மா அடுப்பிலிருந்து 3 மணிக்கு வருகிறது. அக்கா வரும்போது ஆறிப்போய்விடும், சுடச்சுடத் தின்பது காலேஜ் பசங்க. 3.50க்கு மாற்றுங்கள். பிரெட் கவரில் போட்ட நேரத்தைப் பேனாவால் எழுதினால் போதும், ஸ்டிக்கர் வேண்டாம். "முட்டை இல்லாத கேக் உண்டு" என்று தமிழில் ஒரு வரி, மலையாளத்தில் ஒரு வரி. காலேஜ் பசங்களுக்கு டீ இரண்டு ரூபாய் குறைக்கும் யோசனையை விட்டுவிடலாம். அவர்கள் எப்படியும் வருவார்கள்.

இவரிடம் அடங்காதவர்கள்

காலை ஆறு மணிக்கு பன் வாங்கிப்போகும் தோட்ட வேலைக்காரர்கள் காசாகவே கொடுக்கிறார்கள், தடம் இல்லை. பொள்ளாச்சிப் பக்கம் போகிற வழியில் நிறுத்திச் சிப்ஸ் வாங்குபவர்களும் வேறு ஆட்கள். நம் கடைக்கு வராமல் எதிர்க்கடைக்குப் போகிறவரைப் பற்றி நம் பில்லில் ஒன்றும் இருக்காது. அதை அக்காமாரிடமே கேட்கலாம், கவுண்டரில் கூட்டம் இல்லாதபோது ஒரே ஒரு கேள்வி: போன முறை எங்கே வாங்கினீங்க?

இன்னொன்று. யாருடைய போன் நம்பரையும் பற்றுத் தொகையையும் இந்தத் தாளில் எழுதவில்லை, நீங்களும் எழுதாதீர்கள். சுவரில் ஒட்டினால் எல்லோரும் படிப்பார்கள்.

ஓண நாட்களின் பில்லை இதில் சேர்க்கக் கூடாது, கணக்கு குழம்பும். டிசம்பர் பிளம் கேக்குக்கும் பொங்கலுக்கும் தனிக் கணக்கு. ஓணம் முடிந்து இரண்டு வாரம் கழித்து மறுபடி கோடு போட வேண்டும். பேனா கவுண்டர் டிராயரில் இருக்கிறது. சித்தப்பா அதை எடுத்துக்கொண்டு போகாமல் இருந்தால் சரி.