மலையே மலையே

பௌர்ணமி இரவு 12 மணிக்குத் திருவண்ணாமலை ராஜகோபுரத்தில் கற்பூரம் ஏற்றிவிட்டு ஒன்பது பேரும் கிளம்புகிறோம். 14 கிலோமீட்டர், வெறுங்கால். முன்னே போகிறவர் ஒரு வரி சொல்ல, பின்னே வருகிறவர்கள் அதையே வாங்கிச் சொல்லவும். ஒரு அடிக்கு ஒரு சொல், அவசரம் வேண்டாம். மூச்சு வாங்கினால் பாட்டை விடலாம், நடையை விட வேண்டாம். பக்கத்துக் கூட்டம் சத்தமாகப் பாடினால் நாம் குரலைத் தாழ்த்திக்கொள்வோம். ஒவ்வொரு லிங்கத்தின் முன்னும் ஒரு கண்ணி. அப்புறம் அடுத்த லிங்கம் வரை முதல் நான்கு வரி மட்டும்.

மலையே மலையே
நீ இருக்கிறாய்
மலையே மலையே
நான் நடக்கிறேன்

*இந்திர லிங்கம்*
கிழக்கே நின்றேன்
செருப்பை விட்டேன்
ஊரை விட்டேன்
பேரை விட்டேன்

மலையே மலையே
நீ இருக்கிறாய்
மலையே மலையே
நான் நடக்கிறேன்

*அக்கினி லிங்கம்*
நெருப்பாய் நின்றாய்
கல்லாய் ஆறினாய்
என் கோபமும் ஆறட்டும்
ஆறட்டும் ஆறட்டும்

மலையே மலையே
நீ இருக்கிறாய்
மலையே மலையே
நான் நடக்கிறேன்

*எம லிங்கம்*
தெற்கே இருட்டு
வலப்பக்கம் நீ
வலப்பக்கம் நீ
போதும் போதும்

மலையே மலையே
நீ இருக்கிறாய்
மலையே மலையே
நான் நடக்கிறேன்

*நிருதி லிங்கம்*
குதிகால் வலிக்குது
சிறுகல் குத்துது
சரி
சரி

மலையே மலையே
நீ இருக்கிறாய்
மலையே மலையே
நான் நடக்கிறேன்

*வருண லிங்கம்*
ஒரு கை தண்ணீர்
நாவுக்குக் கொஞ்சம்
நெற்றிக்குக் கொஞ்சம்
மிச்சம் மண்ணுக்கு

மலையே மலையே
நீ இருக்கிறாய்
மலையே மலையே
நான் நடக்கிறேன்

*வாயு லிங்கம்*
(இங்கே உட்காருவோம். கண்ணை மூடிக்கொண்டு, வாய்க்குள்ளேயே, ஒன்பது முறை.)
உள்ளே வரும் மூச்சு
மலையே
வெளியே போகும் மூச்சு
மலையே

மலையே மலையே
நீ இருக்கிறாய்
மலையே மலையே
நான் நடக்கிறேன்

*குபேர லிங்கம்*
கேட்க வந்தேன்
என்ன கேட்க
மறந்து போச்சு
மறந்தே போகட்டும்

மலையே மலையே
நீ இருக்கிறாய்
மலையே மலையே
நான் நடக்கிறேன்

*ஈசானிய லிங்கம்*
வெளுக்குது வானம்
மேற்கே நிலா
தெரியுது மலை
தெரியுது மலை

(இனி கோபுரம் வரை, குரல் இறங்கி இறங்கி.)
மலையே மலையே
நீ இருக்கிறாய்
மலையே மலையே
நீ இருக்கிறாய்
மலையே
இருக்கிறாய்
மலையே
மலையே