நம் குழாயில் வருவது எந்தத் தண்ணீர்?
ஒன்பதாம் வகுப்பு அறிவியல் செயல்திட்டம்: ஆறு வாரத் திட்டக் குறிப்பு

வகுப்பு: ஒன்பதாம் வகுப்பு, 38 மாணவர்கள், ஏழு குழுக்கள்
பள்ளி: அரசு உயர்நிலைப் பள்ளி, பாலக்கோடு ஒன்றியம், தருமபுரி மாவட்டம்
காலம்: ஜூலை முதல் வாரம் தொடங்கி ஆகஸ்ட் இரண்டாம் வாரம் வரை
உடன் நடத்துவோர்: கணித ஆசிரியர், சமூக அறிவியல் ஆசிரியர்

எதற்காக இந்தத் திட்டம்

பள்ளி வாசலில் நின்றால் ஐந்து நிமிட நடையில் ஏழு வகைத் தண்ணீர் கிடைக்கிறது. வளாகத்தில் அடிபம்பு இருக்கிறது. மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் இருக்கிறது. வெளியே வந்தால் மேல்நிலைத் தொட்டியின் தெருக்குழாய், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்க் குழாய், கொல்லைமேட்டுத் திறந்தவெளிக் கிணறு, ஏரி, பெட்டிக்கடையில் விற்கும் கேன் தண்ணீர். இவற்றில் எது குடிக்கத் தகுந்தது என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு பதில் வரும். பாட்டிமார்கள் பருப்பு வேகிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். அந்தச் சோதனையில் தவறொன்றும் இல்லை. கடின நீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. ஆனால் ஃபுளோரைடு எவ்வளவு இருந்தாலும் பருப்பு சாதாரணமாக வெந்துவிடும். நம் மாவட்டத்தின் பெரிய சிக்கலே அதுதான்.

இங்கே நிலத்துக்கடியில் கருங்கல் வகைப் பாறைகள். அவற்றிலுள்ள கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு நீரில் கரைகிறது. தண்ணீர் பாறையோடு நெடுங்காலம் கிடக்கக் கிடக்க அளவும் கூடுகிறது. ஃபுளோரைடு மிகுந்த நீரைத் தொடர்ந்து குடித்தால் பல்லில் கறை படியும், எலும்பும் பாதிக்கும், இதுதான் ஃபுளோரோசிஸ். இந்த நோயை இந்தியாவில் முதன்முதலாக 1937இல் பதிவு செய்தது அப்போதைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில். காவிரி நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவர ஜப்பான் நாட்டின் கடனுதவியோடு கட்டிய ஒகேனக்கல் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்ற சொல் இருக்கிறது. பல ஊர்களில் காவிரி நீரும் உள்ளூர் ஆழ்துளைக் கிணற்று நீரும் ஒரே தொட்டியில் சேர்கின்றன. ஆகவே நம் மையக் கேள்வி: நம் தெருக்குழாயில் வருவது காவிரி நீரா, ஆழ்துளைக் கிணற்று நீரா, கலந்ததா? கலந்தது என்றால் எந்த விகிதத்தில்?

முதல் விதி: பல்லைப் பார்க்கக் கூடாது

எந்தக் குழுவும் வகுப்புத் தோழர்களின், ஊராரின் பல் கறையைக் கணக்கெடுக்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, அதைப் பற்றிக் கேட்கவும் கூடாது. மனம் புண்படும் என்பது ஒரு காரணம். அறிவியல் காரணமும் உண்டு. நிரந்தரப் பற்களின் எனாமல் ஏறத்தாழ எட்டு வயதுக்குள் ஈறுக்குள்ளேயே உருவாகிவிடுகிறது. பதினான்கு வயதுப் பிள்ளையின் பல் கறை, அவர் சிறு வயதில் குடித்த தண்ணீரைப் பற்றித்தான் சொல்லும். இன்று குழாயில் வரும் தண்ணீருக்கு அது சான்றாகாது.

கட்டம் 1: நடை, வரைபடம் (முதல் வாரம்)

ஏழு குழுக்கள், குழுவுக்கு ஒரு நீராதாரம், சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வோம். ஒவ்வொரு குழுவும் தன் இடத்துக்குப் போய் அரைப்பக்க வரைபடம் வரைய வேண்டும். அதில் சாக்கடை எத்தனை அடி தள்ளி ஓடுகிறது, மாடு கட்டும் இடம், உரம் இடும் வயல், குழாயைச் சுற்றித் தேங்கும் தண்ணீர் எல்லாம் இருக்க வேண்டும். தொட்டி ஆபரேட்டரிடம் எந்த நாளில் எந்த மோட்டார் ஓடுகிறது, தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள், பிளீச்சிங் பவுடர் எப்போது போடுகிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். அவர் வேலை நேரத்தில் நிற்பவர், ஏழு குழுவும் தனித்தனியாகப் போய்த் தொல்லை தரக் கூடாது. குழுவுக்கு ஒருவராகச் சேர்ந்து ஒருமுறை போனால் போதும்.

ஒப்படைக்க வேண்டியது: வரைபடம், பேட்டிக் குறிப்பு, ஒரு ஊகம். ஊகத்தோடு காரணமும் வேண்டும். "கிணற்றில் நைட்ரேட் கூடுதலாக இருக்கும், ஏனென்றால் பத்தடியில் எருக்குழி இருக்கிறது" என்று எழுதினால் மதிப்பெண். காரணமில்லாத ஊகத்துக்கு மதிப்பெண் இல்லை.

கட்டம் 2: கை பழகுதல் (இரண்டாம் வாரம்)

கள நீர்ப் பரிசோதனைப் பெட்டியையும், நீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரையும் இந்த வாரம்தான் தொடுவோம். கடினத்தன்மையையும் குளோரைடையும் சொட்டு எண்ணிக் கண்டுபிடிக்க வேண்டும். ஃபுளோரைடையும் நைட்ரேட்டையும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நிறம் பார்ப்பது வேப்பமரத்தடி நிழலில், பகல் வெளிச்சத்தில் மட்டும். வகுப்பறைக் குழல்விளக்கின் கீழ் ஒரே குப்பியை மூன்று பேர் மூன்று நிறமாகச் சொல்கிறார்கள்.

இந்த வாரக் கடைசியில் குருட்டுச் சோதனை. க, ங, ச என்று எழுதிய மூன்று பாட்டில்களைக் கொடுப்பேன். அவற்றில் இரண்டில் இருப்பது ஒரே தண்ணீர். எவை இரண்டு என்று கண்டுபிடிக்கும் குழுவே அடுத்த கட்டத்துக்குப் போகலாம். கண்டுபிடிக்காதவர்கள் மறுநாள் மீண்டும் செய்யலாம், மதிப்பெண் குறையாது.

கட்டம் 3: மாதிரி எடுத்தல் (மூன்றாம், நான்காம் வாரங்கள்)

மூன்று நாட்கள், ஒவ்வொரு நாளும் காலை ஏழரை மணிக்கு. நேரம் மாறக் கூடாது. ஏரி நீரின் பி.எச். மதியத்தில் கூடிவிடும், ஏனெனில் பாசி வெயிலில் கரியமில வாயுவை இழுத்துக்கொள்கிறது. ஒரு நாள் காலையிலும் ஒரு நாள் மதியத்திலும் எடுத்துவிட்டு "ஏரி மாறிவிட்டது" என்று எழுதினால் ஏமாந்தது நாம்தான்.

குழாயை இரண்டு நிமிடம் திறந்து விட வேண்டும். பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலச வேண்டும். கண்ணாடி வேண்டாம், பிளாஸ்டிக் பாட்டில் எடுங்கள், ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். கிருமிச் சோதனைக் குப்பிக்கு மட்டும் இந்த அலசல் கிடையாது. மூடியின் உள்பக்கம் விரல் படாமல் நேராகப் பிடிக்க வேண்டும். அந்தக் குப்பியை 48 மணி நேரம் வரை அறை வெப்பத்தில் வைத்துப் பார்ப்போம், கறுத்தால் மலக்கிருமி கலந்திருக்கலாம் என்று பொருள். பார்த்து முடித்ததும் பிளீச்சிங் கரைசல் ஊற்றி ஒரு நாள் வைத்த பிறகுதான் கொட்ட வேண்டும்.

பாட்டில் மேல் சீட்டு ஒட்டிப் பென்சிலால் எழுதுங்கள். போன வருடம் நான் மைப்பேனாவைக் கொடுத்துவிட்டேன். தண்ணீர் பட்டு எழுத்து கரைந்து, அடிபம்பு எது, கிணறு எது என்று தெரியாமல் இரண்டு வார வேலை வீணானது. பிள்ளைகள் அழவில்லை, எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது.

ஏரிக்கும் கிணற்றுக்கும் பெரியவர்கள் இருவர் இல்லாமல் யாரும் போகக் கூடாது. ஏரியில் கால் வைக்காமல் கயிறு கட்டிய வாளியால் மொள்ள வேண்டும். எந்த மாதிரியையும் சுவைத்துப் பார்க்கக் கூடாது. சோதனைக் கரைசல்களில் அமிலம் உண்டு, பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிவது கட்டாயம். கழிவை மூலையிலுள்ள சிவப்பு வாளியில் மட்டும் ஊற்றுங்கள்.

கட்டம் 4: எண்ணைப் படித்தல் (ஐந்தாம் வாரம்)

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500) இரண்டு அளவுகளைச் சொல்கிறது. முதலாவது ஏற்கத்தக்கது. இரண்டாவது, வேறு ஆதாரமே இல்லாதபோது பொறுத்துக்கொள்ளத்தக்கது. நாம் பயன்படுத்தப் போகிறவை:

| சோதனை | ஏற்கத்தக்கது | வேறு வழியில்லாதபோது |
|---|---|---|
| பி.எச். | 6.5 – 8.5 | தளர்வு இல்லை |
| கரைந்த உப்புகள் (டிடிஎஸ்), மி.கி./லி. | 500 | 2,000 |
| மொத்தக் கடினத்தன்மை, மி.கி./லி. | 200 | 600 |
| குளோரைடு, மி.கி./லி. | 250 | 1,000 |
| ஃபுளோரைடு, மி.கி./லி. | 1.0 | 1.5 |
| நைட்ரேட், மி.கி./லி. | 45 | தளர்வு இல்லை |

கலப்பு விகிதத்தைக் கணித ஆசிரியர் வகுப்பில் எடுப்பார். பயிற்சிக்காக ஒரு கற்பனைக் கணக்கு: காவிரிக் குழாயின் டிடிஎஸ் 300, ஆழ்துளைக் கிணற்றில் 1,400, தெருக்குழாயில் 850. 300லிருந்து 850 வரை 550. மொத்த இடைவெளி 1,100. ஆக, பாதிக்குப் பாதி. இப்போது ஃபுளோரைடுக்கு வாருங்கள். காவிரியில் 0.4, கிணற்றில் 2.4 என்றால் கலந்த நீரில் 1.4 இருக்க வேண்டும். 1.5க்குள் இருக்கிறது என்று ஒருவர் நிம்மதி அடையலாம், 1.0ஐத் தாண்டிவிட்டது என்று இன்னொருவர் கவலைப்படலாம். இருவருக்கும் அட்டவணையில் இடம் இருக்கிறது. வகுப்பில் இதை வாதமாகவே நடத்துவோம். பெட்டியில் நீங்கள் அளந்த ஃபுளோரைடு கணக்கோடு பொருந்தவில்லை என்றால் அழித்து எழுதாதீர்கள். ஏன் பொருந்தவில்லை என்பதே உங்கள் குழுவின் மிகச் சுவையான பக்கமாக இருக்கும்.

இதே வாரத்தில் ஒரு சிறு சோதனை: ஒரு லிட்டர் அடிபம்பு நீரைப் பாதியாகச் சுண்டும் வரை கொதிக்க வைத்து, முன்னும் பின்னும் ஃபுளோரைடு பாருங்கள். "காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும்" என்ற பேச்சு கிருமிக்குப் பொருந்தும். ஃபுளோரைடுக்கு என்ன ஆகிறது என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

சந்தேகமான இரண்டு மாதிரிகளைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்குத் தலைமையாசிரியர் கடிதத்தோடு அனுப்புவோம். அந்த முடிவையும் நம் முடிவையும் அருகருகே எழுத வேண்டும்.

கட்டம் 5: ஒத்திகை (ஆறாம் வாரத் தொடக்கம்)

எட்டாம் வகுப்பின் முன்னால். அவர்களுக்குப் புரியாத ஒவ்வொரு சொல்லையும் ஒருவர் குறித்துக்கொண்டு மாற்ற வேண்டும்.

இறுதி அளிக்கை

ஆகஸ்ட் இரண்டாம் வாரம், பிற்பகல், பள்ளி அரங்கில். குழுவுக்குப் பத்து நிமிடம் பேச்சு, ஐந்து நிமிடம் கேள்வி. எல்லோரும் பேச வேண்டும். ஒரு சார்ட், ஒரு வரைபடம், ஏழு பாட்டில்களில் தங்கள் பாட்டில், இவ்வளவு போதும். மதிப்பிடுவோர்: மூன்று ஆசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர் ஒருவர், தொட்டி ஆபரேட்டர். ஆபரேட்டர் கேட்கும் கேள்விகள்தான் கடினமாக இருக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கட்டங்களுக்குத் தலா 10 வீதம் 50, அளிக்கைக்கு 50. அந்த 50 பிரியும் விதம்:

*சான்று (15).* சொல்லும் ஒவ்வொரு எண்ணுக்கும் நாள், நேரம், இடம், அளந்தவர் பெயர் குறிப்பேட்டில் இருக்க வேண்டும். மூன்று நாள் அளவுகளும் காட்டியிருந்தால் முழு மதிப்பெண். சராசரியை மட்டும் காட்டினால் 9. பாட்டில் இல்லாத எண் ஒன்று வந்தாலும் 5க்கு மேல் கிடையாது.

*பொருள் கொள்ளுதல் (12).* "நல்ல தண்ணீர்", "கெட்ட தண்ணீர்" என்ற சொற்கள் வேண்டாம். எதற்கு, எந்த அளவின்படி என்று சொல்லுங்கள். டிடிஎஸ் குறைவு என்பதால் கிருமி இல்லை என்று முடிவு கட்டும் குழு 6ஐத் தாண்டாது.

*பிழையை ஒப்புக்கொள்ளுதல் (8).* எங்கே தவறியிருக்கலாம், எதை இன்னொரு முறை அளப்போம் என்று சொல்ல வேண்டும். "எங்களிடம் பிழை இல்லை" என்றால் பூச்சியம்.

*பரிந்துரை (8).* யார், என்ன, எப்போது செய்யலாம் என்று ஒரே ஒரு பரிந்துரை. "விழிப்புணர்வு வேண்டும்" என்பது பரிந்துரை ஆகாது. "பள்ளி மாடித் தொட்டியை மாதம் ஒருமுறை கழுவி, தேதியைச் சுவரில் எழுத வேண்டும்" என்பது ஆகும்.

*பேச்சு (7).* பார்த்துப் படித்தால் 3. தடுமாறினாலும் சொந்த வார்த்தையில் பேசினால் 7 வரை.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் ஊராட்சித் தலைவரின் அனுமதியோடு இரண்டு குழுக்கள் பேசும். அதிக மதிப்பெண் பெற்றவை என்பதற்காக அவற்றைத் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. தெருக்குழாய்க் குழுவும் ஒகேனக்கல் குழாய்க் குழுவும் போகும், ஏனெனில் மையக் கேள்விக்கான விடை அந்த இருவர் கையில்தான் இருக்கும். அடிபம்புக் குழு தன் எண்களைத் தாளில் எழுதி அவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். பென்சிலால்.