புது மெனு: ருசித்துப் பார்த்தவர்களிடம் சில கேள்விகள்

திங்கள், காலை

அண்ணா நகர் கடைக்கு வழக்கமாக வரும் எல்லாருக்கும் வணக்கம். புது மெனு வந்த நாளிலிருந்து மேசை மேசையாகக் கேட்டுப் பார்த்தோம். எல்லாரும் "நல்லா இருக்குங்க" என்கிறீர்கள். ஆனால் டம்ளர்கள் பாதியோடு திரும்பி வருகின்றன. முகத்துக்கு நேரே குறை சொல்ல மனசு வராது, புரிகிறது. அதனால்தான் இந்தக் குழுவில் கேட்கிறோம்.

ஒரு விஷயம்: இங்கே யார் எதை அழுத்தினார்கள் என்பது மற்றவர்களுக்கும் தெரியும். அது வேண்டாம் என்றால் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டியும் சீட்டும் வைத்திருக்கிறோம். பெயர் போடாமல் எழுதிப் போடலாம். பதில் சொன்னால் காபி இலவசம் என்று எதுவும் வைக்கவில்லை. இலவசமாக வாங்கிக் குடித்துவிட்டுக் குறை சொல்ல யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும்.

முதல் கேள்வி, ஃபில்டர் காபி. முன்பு 80 பங்கு காபித்தூளுக்கு 20 பங்கு சிக்கரி. இப்போது சிக்கரியே இல்லை. மணம் தூக்கலாக இருக்கிறது, ஆனால் டிகாஷன் முன்பு போலக் கெட்டியாக இறங்குவதில்லை, பால் ஊற்றினால் நிறமும் வெளுப்புதான். உங்களுக்கு எது சரி?

▢ பழைய 80-20 வேண்டும்
▢ சிக்கரி இல்லாததே இருக்கட்டும்
▢ இரண்டும் வையுங்கள், கேட்டு வாங்கிக்கொள்கிறேன்
▢ எனக்கு வித்தியாசம் தெரியவில்லை
▢ இன்னும் குடிக்கவில்லை

கடைசி இரண்டையும் தயங்காமல் அழுத்துங்கள். வித்தியாசமே தெரியவில்லை என்று பலர் சொன்னால் அதுவும் எங்களுக்குப் பெரிய செய்திதான்.

புதன், மாலை

பருத்திப்பால் பற்றி. மதுரைக்காரர்களிடம் பருத்திப்பாலை விற்பது சாதாரண வேலை இல்லை, நீங்கள் தள்ளுவண்டியில் சுடச்சுடக் குடித்து வளர்ந்தவர்கள். பருத்தி விதையை இரவே ஊறப்போட்டு, அரைத்துப் பிழிந்து, அரிசி மாவும் கருப்பட்டியும் சேர்த்துக் காய்ச்சி, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போடுகிறோம். மேலே தேங்காய்த் துருவல். அதுவரை ஊர் முறைதான். அப்புறம் வெயிலுக்கு ஏற்றதாக இருக்கட்டும் என்று குளிரவைத்தும் ஒரு வகை கொடுக்கிறோம். ஆறினால் அரிசி மாவு இறுகிக் கஞ்சி போல ஆகிவிடுகிறது, பால் ஊற்றித் தளர்த்தினால் பருத்தி விதையின் வாசனை அமுங்கிப்போகிறது. இதில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

குளிர்ந்த பருத்திப்பாலில் முதலில் மாற்ற வேண்டியது எது? ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

▢ ரொம்பக் கெட்டி
▢ ரொம்பத் தண்ணி
▢ இனிப்பு அதிகம்
▢ சுக்குக் காரம் போதவில்லை
▢ மாற்ற எதுவும் இல்லை
▢ இது வேண்டவே வேண்டாம், சூடானது மட்டும் போதும்

விலையை இந்தக் கேள்வியில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. விலை மேல் இருக்கும் கோபம் ருசியின் மேல் விழுந்துவிடும். அதற்குத் தனியாகக் கேட்கிறோம்.

வெள்ளி

இன்று அழுத்துவதற்கு எதுவும் இல்லை, எழுதத்தான் வேண்டும். கடைசியாக வந்தபோது தட்டில் எதை மிச்சம் வைத்தீர்கள்? ஏன்?

உதாரணத்துக்குக் கேழ்வரகு பிரவுனி. கேழ்வரகில் குளூட்டன் கிடையாது, அதனால் மைதா பிரவுனி போல ஒட்டிப்பிடித்து நிற்காது, உதிரும். வெண்ணெயைக் கூட்டினால் உதிர்வது குறைகிறது, ஆனால் சாப்பிட்டு முடித்ததும் நாக்கில் எண்ணெய்ப் பிசுக்கு நிற்கிறதா என்று எங்களுக்குச் சந்தேகம். மணல் போல இருந்தது, பிசுக்காக இருந்தது, வயிறு நிறைந்துவிட்டது, பிள்ளை கேட்டுவிட்டு ஒரு வாயோடு ஒதுக்கிவிட்டான், எதுவானாலும் எழுதுங்கள். "சுமார்" என்று மட்டும் எழுதினால் அடுப்படியில் என்ன மாற்றுவது என்று தெரியாது. எந்த வாயில், என்ன மாதிரி என்று சொன்னால் மாஸ்டர் மறுநாளே செய்து பார்த்துவிடுவார்.

யார் குறை எழுதினாலும் நாங்கள் வாதாட மாட்டோம். தெளிவுக்காக வேண்டுமானால் ஒரே ஒரு கேள்வி திருப்பிக் கேட்போம்.

ஞாயிறு

சொன்னபடி விலை. குளிர்ந்த பருத்திப்பால் 250 மில்லி, 60 ரூபாய். குடித்தவர்கள் மட்டும் சொல்லுங்கள்.

▢ 60 சரிதான்
▢ 60 அதிகம், ஆனாலும் எப்போதாவது வாங்குவேன்
▢ 60 என்றால் மறுபடி வாங்க மாட்டேன்
▢ 150 மில்லி சின்ன டம்ளர் 40 ரூபாய்க்கு இருந்தால் அதை வாங்குவேன்

இந்தக் கேள்விகள் செவ்வாய் இரவு வரை திறந்திருக்கும். அட்டைப்பெட்டிச் சீட்டுகளையும் அன்றைக்கே பிரித்து, எதை மாற்றுகிறோம், எதை மாற்ற முடியவில்லை, ஏன் என்று புதன்கிழமை இங்கேயே எழுதிவிடுகிறோம்.