சீரம், கிரீம், லிப்ஸ்டிக், காம்பாக்ட்: மேடை செட் பிராம்ப்ட்கள்

பொருட்கள் நான்கு: அம்பர் கண்ணாடியில் 30 மி.லி. சீரம் (டிராப்பரோடு 10 செ.மீ. உயரம்), வெள்ளை ஜாடியில் 50 கிராம் கிரீம், தங்க நிற உறையில் லிப்ஸ்டிக், வட்டமான காம்பாக்ட் பவுடர். கீழே உள்ள பிராம்ப்ட்களைப் படம் உருவாக்கும் கருவியில் அப்படியே ஒட்டிப் படம் உருவாக்கலாம். எல்லாவற்றிலும் லேபிள் இல்லாத வெற்றுப் பொருளையே கேட்டிருக்கிறேன். படம் உருவாக்கும் கருவிகள் சிறிய எழுத்துகளைச் சிதைத்துவிடுவது வழக்கம். அதனால் நம் பொருளைத் தனியாகப் படமெடுத்து, பிறகு மேலே பொருத்தப் போகிறோம். கேமரா கோணத்தையும் ஒளி வரும் பக்கத்தையும் மட்டும் யாரும் மாற்ற வேண்டாம். அவை பொருந்தாவிட்டால் ஒட்டு வேலை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

எல்லா பிராம்ப்டின் முடிவிலும் சேர்க்க வேண்டியது

"செட் முழுவதும் ஒரே நிறக் குடும்பம். மேடைகள் வண்ணம் பூசிய மரப்பலகை போல மேட் பரப்பு, பளபளப்பு இல்லை, கல் ரேகை இல்லை, விளிம்புகள் மிக லேசாக உருண்டவை. பொருள் மேடையைத் தொடும் இடத்தில் மெல்லிய, அடர்ந்த தொடு நிழல். படத்தில் மிகப் பிரகாசமான இடமும் மிகக் கூர்மையான விளிம்பும் பொருளின் மேல் மட்டும். பூ, இலை, துணி, தண்ணீர்த்துளி, எழுத்து, கை எதுவும் வேண்டாம்."

தொடு நிழல் பற்றிய வரியை நீளம் கருதி வெட்டிவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் பொருள் மேடைக்கு மேல் மிதப்பது போலத் தெரியும்.

1. சீரம், முதன்மைப் படம் (4:5)

"ஸ்டூடியோ பொருள் புகைப்படம். 10 செ.மீ. உயரமுள்ள அம்பர் கண்ணாடி டிராப்பர் பாட்டில், லேபிள் இல்லாமல், தாழ்வான ஒற்றை உருளை மேடையின் நடுவில் நிற்கிறது. மேடையின் உயரம் 4 செ.மீ., விட்டம் 9 செ.மீ., நிறம் வெளிர் மணல் #D9C7B0. பாட்டிலுக்கு 20 செ.மீ. பின்னால் ஒரு அரைவட்டப் பலகை நிற்கிறது. அதன் நிறம் பின்னணியைவிடச் சற்றே அடர்ந்தது. அதன் உச்சி பாட்டில் மூடிக்கு மேலே போகிறது, மூடியின் விளிம்பைத் தொடவில்லை. மடிப்பில்லாத பின்னணி #E6D9C8. பெரிய சாஃப்ட்பாக்ஸ் இடது பின்புறத்திலிருந்து, 45 டிகிரியில். பாட்டிலுக்கு நேர் பின்னால், கேமராவுக்குத் தெரியாதபடி, அந்த ஒளியைப் பிடிக்கும்படி சாய்த்த சிறு வெள்ளை அட்டை. அதில் பட்ட ஒளி திரவத்தின் ஊடாக வந்து கண்ணாடியைத் தேன் நிறத்தில் ஒளிரச் செய்கிறது. வலப்பக்கம் மென்மையான நிழல். 100 மிமீ லென்ஸ், எஃப் 11. கேமரா மேடையின் மேற்பரப்பைவிடச் சிறிது உயரத்தில், 8 டிகிரி கீழ்நோக்கி. மேடையின் மேல்வட்டம் ஒடுங்கிய நீள்வட்டமாகத் தெரிகிறது. பாட்டில் படத்தின் உயரத்தில் பாதி."

இந்தப் படத்துக்குத்தான் அதிக நேரம் செலவிட்டேன். அரைவட்டத்தின் விளிம்பு மூடியின் தலையை உரசினால் பாட்டில் அதோடு ஒட்டிக்கொண்டது போல ஆகிவிடும், அதனால்தான் இடைவெளியைத் தனியாகக் கேட்டிருக்கிறேன். மணல் நிறத்துக்கும் காரணம் உண்டு. கண்ணாடி பக்கத்தில் இருக்கும் நிறத்தை வாங்கிக்கொள்ளும். பச்சையோ நீலமோ அருகில் வைத்தால் அம்பர் அழுக்காகத் தெரியும்.

2. கிரீம் ஜாடி (1:1)

"வெள்ளை மேட் ஜாடி, விட்டம் 6.5 செ.மீ., மூடி மூடியபடி, இரண்டு படி கொண்ட வட்ட மேடையின் மேல்படியில். கீழ்ப்படி விட்டம் 18 செ.மீ., மேல்படி 11 செ.மீ., ஒவ்வொன்றும் 2 செ.மீ. உயரம். மேடையும் பின்னணியும் சாம்பல் கலந்த பழுப்பு #B8A99A. ஜாடி மட்டுமே வெள்ளை. இடது மேலிருந்து ஒரே மென் ஒளி, வலப்பக்கம் வெள்ளை ரிஃப்ளெக்டர். ஜாடியின் வலது விளிம்பில் மெல்லிய சாம்பல் கோடு, வெள்ளை எங்கும் வெளுத்துப்போகவில்லை. 85 மிமீ லென்ஸ், எஃப் 8, கேமரா 15 டிகிரி கீழ்நோக்கி. மூடியின் நீள்வட்டமும் படிகளின் நீள்வட்டங்களும் ஒரே கோணத்தில்."

வெள்ளை ஜாடிக்கு வெள்ளை செட் கேட்கத் தோன்றும். அப்படிச் செய்தால் ஜாடியின் வடிவமே காணாமல் போகும்.

3. லிப்ஸ்டிக் (4:5)

"திறந்த லிப்ஸ்டிக், உறை தங்க நிறம், குச்சி அடர் செங்கல் சிவப்பு, மொத்த உயரம் 8 செ.மீ. சதுர மேடையின் மேல் நேராக நிற்கிறது. மேடை 6 செ.மீ. பக்கம், 3 செ.மீ. உயரம், கேமராவுக்கு 30 டிகிரி திரும்பியிருக்கிறது. மூடி அதே மேடையின் பக்கத்தில், தரையில் படுத்திருக்கிறது, பாதி நிழலில். மேடை, தரை, பின்னணி மூன்றும் அதே சிவப்பின் மிக மங்கிய சாயல் #CDB0A6. படத்தில் செறிவான நிறம் குச்சியில் மட்டும். உறையின் இரு பக்கமும் கருப்பு அட்டைகளின் பிரதிபலிப்பு, நடுவில் ஒரே நீண்ட வெள்ளை ஒளிப்பட்டை. 100 மிமீ லென்ஸ், எஃப் 11, கேமரா 5 டிகிரி கீழ்நோக்கி."

கருப்பு அட்டை இல்லாமல் உலோக உறை பின்னணியில் கரைந்துவிடும்.

4. காம்பாக்ட் (1:1)

"திறந்த வட்டக் காம்பாக்ட், விட்டம் 7.5 செ.மீ., கால்வட்ட வடிவ தாழ்ந்த மேடையின் மேல். கண்ணாடியில் வெறும் பின்னணியின் மென்மையான நிறமாற்றம் மட்டும் தெரிகிறது. விளக்கு, கேமரா, ஆள் எதுவும் இல்லை. பவுடரின் மேல் வலமிருந்து சாய்ந்த ஒளி, நுண்துகள் பரப்பு தெரியும் அளவு. மேடை #C9B8AD. கேமரா 30 டிகிரி கீழ்நோக்கி."

5. நான்கும் சேர்ந்த படம் (3:2)

"மூன்று உருளை மேடைகள், 2, 4, 7 செ.மீ. உயரங்களில், ஒரே நிறம் #D2C2B2, ஒன்றையொன்று தொடாமல். அம்பர் பாட்டில் மிக உயர்ந்த மேடையில், நடுவுக்குச் சற்று இடப்புறம், முழுக் கூர்மையில். ஜாடி நடு மேடையில், காம்பாக்ட் தாழ்ந்த மேடையில், லிப்ஸ்டிக் தரையில் நின்றபடி. பொருட்கள் ஒன்றையொன்று மறைக்கவில்லை. நிழல்கள் எல்லாம் வலப்பக்கம், ஒரே சாய்வில். பின்னணியில் வடிவம் எதுவும் இல்லை. கேமரா 10 டிகிரி கீழ்நோக்கி."

இங்கே வளைவோ கோளமோ சேர்க்க வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நான்கு பொருளும் மூன்று உருளையும் இருக்கும் படத்தில் எட்டாவதாக எது வந்தாலும் கண் முதலில் அங்கே போகும். கோளம் உருண்டு ஓடப்போவது போன்ற ஒரு பதற்றத்தையும் கொண்டுவந்துவிடும்.

6. சீரம், எழுத்துக்கு இடம் விட்டு (9:16)

"அம்பர் பாட்டில், 3 செ.மீ. உயர செவ்வக மேடையில், படத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கில். பின்னால் சுவரோடு ஒட்டிய ஒற்றை வளைவு, ஆழம் குறைந்தது, சுவரின் அதே நிறம், நிழலால் மட்டுமே தெரிகிறது. மேல் பாதி முழுவதும் வெறுமை, ஒரே சீரான நிறம். ஒளி, லென்ஸ், கேமரா கோணம்: இடது பின்புறம் 45 டிகிரியில் சாஃப்ட்பாக்ஸ், 100 மிமீ, 8 டிகிரி கீழ்நோக்கி."

வந்த படம் சரியில்லை என்றால்

மேடை கண்ணைப் பறித்தால்: "மற்ற எதையும் மாற்றாமல் மேடையை ஒரு ஸ்டாப் இருட்டாக்கு. அதன் விளிம்பில் உள்ள ஒளிக்கோட்டை நீக்கு."

பொருள் சிறிதாக, மேடை பெரிதாக வந்தால்: "மேடையின் விட்டம் பொருளின் அகலத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் போகக் கூடாது. மேடையின் உயரம் பொருளின் உயரத்தில் பாதிக்கும் குறைவு." இரண்டாம், ஐந்தாம் படங்களில் இந்த வரியைப் போடாதீர்கள், அங்கே இரண்டு படி மேடையும் 7 செ.மீ. மேடையும் வேண்டுமென்றே கேட்டவை.

கேட்காத பளிங்கு ரேகை வந்தால் "மேட், ஒரே நிறம்" என்பதைக் கடைசியில் தொங்கவிடாமல் பிராம்ப்டின் முதல் வரிக்குக் கொண்டுவந்து மறுபடி ஓட்டுங்கள். நீள்வட்டங்கள் பொருந்தாமல் ஜாடி சரிவது போலத் தெரிந்தால் திருத்த முயல வேண்டாம், அந்தப் படத்தைத் தள்ளிவிட்டுப் புதிதாக எடுங்கள்.